பிட் நழுவலும் சொல் சீரமைப்பும்

பிட் நழுவல் என்பது, ஒற்றைக் கம்பியில் வரிசையாக வரும் பிட்டுகளை டிசீரியலைசர் எந்த இடத்தில் வெட்டிச் சொல்லாக்குகிறதோ, அந்த வெட்டும் இடத்தை ஒவ்வொரு பிட்டாக நகர்த்தும் செயல். சரியான இடம் கிடைத்துவிட்டால் அதுவே சொல் சீரமைப்பு.

எட்டு எட்டாக வெட்டும் டிசீரியலைசருக்கு ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மின்சாரம் வந்த கணத்தில் அதன் கடிகாரம் எங்கே விழுந்ததோ அங்கிருந்து வெட்டத் தொடங்கும். எட்டில் ஒரு முறைதான் அது தற்செயலாகச் சரியாக அமையும். எனவே அனுப்பும் பக்கம் முதலில் ஒரே பயிற்சிச் சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

அந்தச் சொல் 00101100 என்று கொள்வோம். பெறும் பக்கத்தில் 10000101 தெரிகிறது. ஒருமுறை நழுவினால் 00001011, மறுமுறை 00010110, மூன்றாம் முறை 00101100. சாளரம் பொருந்திவிட்டது, அங்கேயே நிறுத்த வேண்டும். இந்தச் சொல்லின் எட்டுச் சுழற்சிகளும் வெவ்வேறானவை என்பதால்தான் இது பலிக்கிறது. 10101010 என்று அனுப்பினால் மூன்று தவறான இடங்களும் சரியானவை போலவே தோன்றும். இடைவிடாமல் மாறுவதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சீரமைப்புக்கு அது உதவாது.

சைலிங்க்ஸ் 7 தொடர் சில்லுகளில் இந்த வேலையை `ISERDESE2` என்ற உறுப்பு செய்கிறது. அதன் `BITSLIP` உள்ளீட்டை `CLKDIV` கடிகாரத்தின் ஒரு சுற்றுக்கு மட்டும் உயர்த்த வேண்டும். விளைவு உடனே தெரியாது: கடிகாரத்தின் ஒரு விளிம்பில் மட்டும் பிட் வரும் முறையில் இரண்டு சுற்றுகளும், இரு விளிம்பிலும் வரும் முறையில் மூன்று சுற்றுகளும் கழித்தே புதிய சொல் வெளிவரும். அதுவரை பொறுக்காமல் பழைய சொல்லைப் பார்த்து மீண்டும் நழுவவிட்டால், சரியான இடத்தைத் தாண்டிப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் இதுதான். இரு விளிம்பு முறையில் இன்னொரு விநோதமும் உண்டு: நழுவல் வலப்புறம் ஒன்று, இடப்புறம் மூன்று என மாறி மாறி நிகழும். எட்டு நழுவலில் எட்டு இடங்களும் வந்துவிடும், ஆனால் வரிசையாக அல்ல.

எட்டு முறை நழுவியும் சொல் வராவிட்டால் குறை சாளரத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் ஐந்து ஒன்றுகள் நிலையாகத் தெரிந்தால், பலகையில் நேர், எதிர்க் கம்பிகள் இடம் மாறியிருக்கலாம்; 00101100-இல் மூன்றுதான். எண்ணிக்கை நிலையாக நிற்காமல் தள்ளாடினால், பிட் மாறும் விளிம்பிலேயே மாதிரி எடுக்கப்படுகிறது என்று பொருள். அதை `IDELAYE2` தாமதத்தின் 32 நிலைகளை ஓட்டிப் பார்த்து முதலில் சரிசெய்ய வேண்டும். நழுவல் முழு பிட்டை மட்டுமே நகர்த்தும்.

பல தடங்கள் இருந்தால் இன்னொரு குறை மறைந்திருக்கும். ஒரு தடம் முழுச் சொல் அளவுக்குப் பின்தங்கினாலும் பயிற்சிச் சொல் அதேபோலவே தெரியும். ஒரே சொல் திரும்புவதால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்கு எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும் தனிக் குறி வேண்டும்.

பின்வந்த அல்ட்ராஸ்கேல் சில்லுகளின் `ISERDESE3`-இல் `BITSLIP` உள்ளீடே இல்லை. அங்கே அடுத்தடுத்த இரு சொற்களைப் பக்கத்தில் வைத்து, தேவையான எட்டு பிட்டைத் தேர்ந்தெடுக்கும் சுற்றை வடிவமைப்பாளரே எழுத வேண்டும்.