கட்டைவிரலும் ‘சரி’யும்: ஒரு குறியின் இரு தீர்ப்புகள்

‘சரி’ என்ற ஒரு சொல்லைத் தமிழர் பல தொனிகளில் உச்சரிப்பர். ஒன்று இசைவைக் காட்டும். மற்றொன்று கேட்டுக்கொண்டதை மட்டும் தெரிவிக்கும். வேறொன்று மனவருத்தத்தை மறைத்து நிற்கும். குறுஞ்செய்தியில் குரல் இல்லை. ஆதலின் அந்த வேறுபாட்டைச் சொல்லை ஒட்டிய குறிகளே சுமக்க வேண்டியுள்ளது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவரிடம் நடத்திய ஆய்வொன்று இதைக் காட்டியது: ஒற்றைச்சொல் விடையின் இறுதியில் முற்றுப்புள்ளி இட்டால், குறுஞ்செய்தியில் அது உள்ளன்பு குறைந்ததாகத் தோன்றிற்று, கையால் எழுதிய குறிப்பில் அவ்வாறு தோன்றவில்லை. புள்ளி ஒன்றே, அது நிற்கும் இடமே பொருளை மாற்றியது.

இந்தப் பற்றாக்குறையை நிரப்பும் முயற்சிக்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. 1982 செப்டம்பரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவையை நகைச்சுவையென உணர்த்த :-) என்னும் குறியை முன்மொழிந்தார். 1999இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா 176 சிற்றுருக்களை வடிவமைத்தார். 2010இல் யூனிகோடு 6.0 அவற்றுள் பலவற்றைத் தரப்படுத்தியது. ஆனால் தரப்படுத்தப்பட்டது குறியின் அடையாளமே. அதன் பயன்பாட்டுப் பொருளன்று. 👍 என்பதன் பெயர் ‘உயர்த்திய கட்டைவிரல்’ என்ற அளவிலேயே நின்றது.

அந்த இடைவெளி நீதிமன்றம்வரை சென்றது. 2018இல் மேகாலயத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர், காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி அலுவல் வாட்ஸ்ஆப் குழுவில் பகிரப்பட்டபோது, மற்றொரு காவலர் 👍 இட்டார். கொலையைப் பாராட்டினார் என்று அதனைக் கொண்டு அவரைப் பணியிலிருந்து நீக்கினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு, அக்குறியை ‘சரி’ என்பதற்கு நிகரானதாகவும், செய்தியைப் பார்த்ததன் அடையாளமாகவும் கொள்ளலாம் என்று கூறி, அவரைப் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதிசெய்தது.

கனடாவின் சஸ்காட்செவனில் நேர்ந்தது வேறு. ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி, உறுதிசெய்யுமாறு கேட்ட வணிகருக்கு உழவர் ஒருவர் 👍 அனுப்பினார். பின்னர் சந்தை விலை ஏறியது. விதை வந்து சேரவில்லை. ‘ஒப்பந்தம் கிடைத்தது என்பதையே குறித்தேன்’ என்றார் உழவர். 2023இல் நீதிமன்றம் அதை ஏற்காமல், ஏறத்தாழ 82,000 கனடிய டாலர் இழப்பீடு விதித்தது.

இருவரும் கூறத்தக்க விளக்கம் ஏறக்குறைய ஒன்றே. முடிவு ஏன் மாறியது? மதுரையில் அக்குறிக்கு முன்னால் நின்றது கேள்வியன்று, செய்தி. விடை எதுவும் அங்கே எதிர்பார்க்கப்படவில்லை. கனடாவில் முன்னின்றது உறுதிசெய்யுமாறு விடுத்த கேட்பு. அதற்கும் மேலாக, முந்தைய ஒப்பந்தங்களுக்கு அதே உழவர் ‘நன்று’, ‘சரி’, ‘ஆம்’ போன்ற ஒற்றைச்சொல் விடைகளையே அனுப்பிச் சரக்கையும் கொடுத்திருந்தார். கட்டைவிரல் அச்சொற்களின் வரிசையில் போய் அமர்ந்துகொண்டது. உரையாடலில் அதற்கு முந்தைய வாக்கை எடுத்துவிட்டுக் குறியை மட்டும் சான்றாகக் காட்டினால், இரு வழக்குகளையும் வேறுபடுத்தவே இயலாது. குற்றச்சாட்டுக் குறிப்பிலோ திரைப்பிடிப்பிலோ பெரும்பாலும் முதலில் காணாமற்போவது அந்த முந்தைய வாக்குத்தான்.