தொண்ணூறு விநாடிகளில் இருண்ட மாகாணம்

1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி, திங்கட்கிழமை, அதிகாலை 2.44 மணி. கனடாவின் கியூபெக் மாகாணம் கடுங்குளிரில் உறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தொண்ணூறு விநாடிகளில் மாகாணம் முழுவதும் இருளில் மூழ்கியது. ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் மின்சாரத்தை இழந்தனர். மொன்றியலில் அப்போது குடியேறியிருந்த நம்மவரும் அவர்களுள் அடங்குவர். மின்விநியோகத்தின் பெரும்பகுதி மீள ஒன்பது மணித்தியாலங்கள் சென்றன. அன்று புயலும் இல்லை, நாசவேலையும் இல்லை. காரணம் பதினைந்து கோடி கிலோமீற்றருக்கு அப்பால், சூரியனில் இருந்தது.

மார்ச் 10ஆம் திகதி சூரியப் பரப்பில் ஒரு பெரும் சுடர்வெடிப்பு நிகழ்ந்தது. நமது பத்திரிகைகள் வழமையாகக் குழப்பிக்கொள்ளும் ஒரு விடயத்தை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். சுடர்வெடிப்பு என்பது ஒளியும் எக்ஸ் கதிரும். அது எட்டு நிமிடங்களில் பூமியை வந்தடையும். பகற்பக்கத்து வளிமண்டலத்தின் மேலடுக்கை அது மின்னேற்றம் செய்வதால், சிற்றலை வானொலி சில மணித்தியாலங்கள் வரை மங்கிப்போகலாம். அதனுடன் சேர்ந்து வீசப்படும் பிளாஸ்மா மேகமோ வேறு. அது கோடிக்கணக்கான தொன் எடையுள்ள, காந்தப்புலத்தையும் தன்னோடு இழுத்துவரும் பொருள். வந்துசேர ஒன்றிலிருந்து சில நாட்கள் வரை எடுக்கும். கியூபெக்கை இருளாக்கியது இந்த இரண்டாவது வகைதான். 12ஆம் திகதி எழுந்த இன்னொரு வெடிப்பும் அதனோடு சேர்ந்துகொண்டதாகப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன.

மேகம் பூமியின் காந்தப்புலத்தில் மோதியது கியூபெக் நேரப்படி 12ஆம் திகதி இரவு எட்டரை மணியளவில். காந்தப்புலம் தத்தளிக்கும்போது தரையில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஈரமான மண்ணாயின் அம்மின்னோட்டம் நிலத்தினுள்ளேயே பரவிவிடும். கியூபெக்கின் அடியிலோ மின்னோட்டத்தை எளிதில் கடத்தாத, மிகத் தொன்மையான கடும்பாறை. ஆகவே மின்னோட்டம் வேறு வழி தேடியது. ஜேம்ஸ் விரிகுடாப் பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்து தெற்கே நகரங்களுக்கு ஓடும், ஆயிரம் கிலோமீற்றர் நீளமான 735,000 வோல்ற் மின்கம்பிகள் அதற்கு வசதியாகக் கிடைத்தன. மின்மாற்றிகளின் புவித்தொடுப்பு வழியாக அது உள்ளே நுழைந்தது.

மின்மாற்றி மாறுமின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது. நுழைந்ததோ கிட்டத்தட்ட ஒரே திசையில் மெல்ல ஓடும் மின்னோட்டம். அதனால் மின்மாற்றியின் இரும்பு உட்கரு ஒவ்வொரு அலையின் ஒரு பாதியில் காந்த நிறைவடைந்துவிடுகிறது. விளைவாக, சீரான அலை சிதைந்து, வேறு அதிர்வெண்கள் கம்பியில் கலக்கின்றன. இவ்வளவு நீண்ட பாதையில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கவென ஈடுசெய் கருவிகள் பல பொருத்தப்பட்டிருந்தன. கலப்பு அதிர்வெண்களைத் தம்மைத் தாக்கும் மிகைச்சுமையாகக் கருதிய பாதுகாப்புச் சாதனங்கள் அவற்றைத் துண்டித்தன. ஒரு நிமிடத்துக்குள் ஏழு கருவிகள் அணைந்தன. தாங்குவோர் இன்றி வடக்கு மின்பாதைகள் அறுந்தன. ஒரே வீச்சில் 9,500 மெகாவாற் இல்லாமற்போயிற்று. அன்று முழு மாகாணத்தின் பயன்பாடு 21,500 மெகாவாற் அளவு என்பதை நினைத்தால், எஞ்சியது ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும். கருவிகள் தம்மைக் காத்துக்கொண்டன; வலையமைப்பு வீழ்ந்தது.

அதே இரவில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் மின்மாற்றி ஒன்று வெப்பமேறிச் சேதமடைந்தது. சோவியத் நாட்டை நோக்கி ஒலிபரப்பிய ‘சுதந்திர ஐரோப்பா வானொலி’ தடைப்பட்டபோது, சில மாதங்களுக்கு முன்னர் கைவிடப்பட்ட குறுக்கீட்டை மொஸ்கோ மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று ஐயுற்றோரும் உண்டு. பனிப்போர்க் காலத்துச் செய்தியாளனாகிய எனக்கு அந்த ஐயம் வியப்பளிக்கவில்லை. தொடர்புச் செய்மதி ஒன்று அக்காலத்தில் 250க்கும் மேற்பட்ட கோளாறுகளைப் பதிவுசெய்தது. வெப்பமேறிய மேல்வளிமண்டலம் விரிவடைந்ததால், தாழ்ந்த சுற்றுப்பாதைச் செய்மதிகள் வளியின் இழுவையில் சிக்கின. 2022 பெப்ரவரியில், ஏவப்பட்ட மறுநாளே சாதாரணமானதொரு காந்தப் புயலில் அகப்பட்ட ஸ்ரார்லிங்க் செய்மதிகள் 49இல் 38 அழிந்தது இதே காரணத்தாலாகும்.

கியூபெக் மின்சார நிறுவனம் பின்னர் அப்பாதுகாப்புச் சாதனங்களின் துண்டிப்பு அளவை உயர்த்தியது. நெடும்பாதைகளில் தொடர் மின்கொள்ளளவிகளைப் பொருத்தி, நுழையும் மின்னோட்டத்துக்கு வழியை அடைத்தது. எச்சரிக்கையின் நிலைதான் இன்னும் சங்கடமானது. மேகம் சூரியனை விட்டுப் புறப்படுவதைக் காணமுடிகிறது. அதன் காந்தப்புலம் எத்திசை நோக்கியுள்ளது என்பது தெரிவதில்லை. தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து பெரும் கேடு செய்யும். வடக்காயின் பெரும்பாலும் தப்பிவிடலாம். இதை நம்பகமாக அறிவது, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் செய்மதிகளை மேகம் கடக்கும்போதுதான். அதன்பின் மின்நிலையக் கட்டுப்பாட்டாளருக்குக் கிடைப்பது, மேகத்தின் வேகத்தைப் பொறுத்து, பதினைந்து நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை.