குர்ஆனில் இல்லாத ஒரு 'வசனம்'



சில ஆண்டுகளுக்கு முன்னர், உதவி வேண்டி வந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் கூட்டம் ஒன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். கையில் அடிபட்டு வேலையிழந்த ஒருவரின் விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. அவையிலிருந்த பெரியவர் ஒருவர், "தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குத்தான் அல்லாஹ்வும் உதவுவான் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே, இவர் முதலில் முயற்சி செய்யட்டும்" என்றார். பலரும் தலையசைத்தனர். விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அப்படியொரு வசனத்தை ஓதிய நினைவு நமக்கு இல்லை. ஆயினும் உறுதியாக மறுக்கத் துணிவின்றி நாமும் மௌனமாக இருந்துவிட்டோம். அந்த மௌனம் உறுத்தியதன் விளைவே இக்கட்டுரை.

இவ்வாசகத்தின் பிறப்பிடம் எந்த வேதமும் அன்று. பண்டைய கிரேக்க நீதிக்கதை. ஈசாப் கதைகள் என்று அறியப்படும் தொகுதியில் ஒரு வண்டிக்காரனின் கதை உண்டு. அவனது வண்டி பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அவன் கையைக் கட்டிக்கொண்டு, தான் வணங்கும் ஹெர்குலிஸ் என்னும் தெய்வத்தை அழைக்கிறான். அத்தெய்வம் தோன்றி, முதலில் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளு, மாட்டை ஓட்டு, அதன் பிறகு என்னைக் கூப்பிடு என்று கண்டிக்கிறது. கப்பல் உடைந்து கடலில் விழுந்தவன், அதீனா என்னும் பெண் தெய்வத்தை அழைப்பதோடு தன் கையையும் அசைத்து நீந்த வேண்டும் என்று சொல்லும் கதையும் அதே தொகுதியில் உண்டு. சோம்பலைக் கண்டிப்பதே இவ்விரு கதைகளின் நோக்கம். இவற்றில் பேசப்படுபவை பல தெய்வங்களை வணங்கியோரின் தெய்வங்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இக்கருத்து ஐரோப்பிய மொழிகளில் பழமொழியாகப் பரவியது. 1668இல் வெளியான லா ஃபொன்தேனின் பிரெஞ்சுக் கதைத்தொகுதியில் அதே வண்டிக்காரன் மீண்டும் வருகிறான். இன்று வழங்கும் ஆங்கில வடிவத்தை எழுதியவர் அல்ஜெர்னன் சிட்னி. இங்கிலாந்து மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை எதிர்த்த இவர் 1683இல் மரண தண்டனைக்கு உள்ளானார். அரசாங்கம் பற்றிய அவரது நூல், அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து 1698இல் அச்சேறியது. அந்நூலில் இவ்வாசகம் தனிமனிதனின் வறுமையைப் பற்றிப் பேசவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முனையாத மக்கள் அழிந்துபோவர் என்ற அரசியல் எச்சரிக்கையாகவே அது அங்கே இடம்பெற்றது.

பின்னர் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தாம் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்தில், 1736ஆம் ஆண்டு, இதனைச் சேர்த்தார். உழைப்பு, சிக்கனம், அதிகாலையில் எழுதல் பற்றிய பழமொழிகளின் நடுவே அது அமர்ந்தது. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் தன்முயற்சியைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலை இதே பழமொழியுடன் தொடங்கினார். அந்நூல் 1880இல் பெய்ரூத் நகரில் அரபியிலும் வெளிவந்தது. எகிப்திய ஆட்சியாளரின் மாளிகைச் சுவர்களில் எழுதப்பட்டிருந்த பொன்மொழிகளைக் கண்டு வியந்த ஆங்கிலேயப் பயணி ஒருவருக்கு, அவை பெரும்பாலும் ஸ்மைல்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று விடை கிடைத்ததாக ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. கிரேக்கப் பள்ளத்தில் சிக்கிய வண்டி, முஸ்லிம் நாட்டு மாளிகை வரை வந்து சேர்ந்த பாதை இதுவே.

இதனைத் தம் வேதத்தின் வாக்கு என்று எண்ணுவோர் கிறிஸ்தவர்களிலும் ஏராளம். ஆனால் பைபிளிலும் இது இல்லை. மனிதர் மீது நம்பிக்கை வைத்து இறைவனை விட்டு உள்ளம் விலகுபவனைக் கடுமையாகக் கண்டிக்கும் வாக்குதான் எரேமியா நூலின் 17ஆம் அதிகாரத்தில் உள்ளது.

குர்ஆனில் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? மதரஸாக்களில் அதற்கு எளிய வழி உண்டு. முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ தொகுத்த சொல்லடைவில், குர்ஆனின் சொற்கள் அனைத்தும் வேர்ச்சொல் வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. உதவி என்ற பொருள் தரும் வேர்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது 'அவ்ன்' என்னும் வேர். அது குர்ஆனில் 11 இடங்களில் மட்டுமே வருகிறது. அவற்றுள் ஒன்று, பனூ இஸ்ராயீலர் அறுக்க வேண்டிய மாட்டின் நடுத்தர வயதைக் குறிப்பது (2:68). ஒன்று, குர்ஆனை இட்டுக்கட்டப் பிறர் உதவினர் என்ற மறுப்பாளர்களின் அவதூறு (25:4). ஒன்று, அணை கட்டுவதற்கு மக்களின் உடலுழைப்பைத் துல்கர்னைன் கேட்டது (18:95). இரண்டு, நன்மையில் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்ற கட்டளை (5:2). எஞ்சிய ஆறும் அல்லாஹ்விடம் உதவி தேடுவதைப் பற்றியவை. நாம் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹாவின் வசனம் அவற்றுள் முதலாவது. தனக்குத் தானே உதவுவது இந்தப் பதினொன்றில் எங்குமில்லை.

இரண்டாவது 'நஸ்ர்' என்னும் வேர். இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 'தமக்குத் தாமே உதவுதல்' என்ற சொற்சேர்க்கை குர்ஆனில் உண்மையிலேயே உண்டு. அஃராஃப் அத்தியாயத்தில் இரு முறையும் (7:192, 7:197), அன்பியா அத்தியாயத்தில் ஒரு முறையும் (21:43) அது வருகிறது. மூன்று இடங்களிலும் அது பேசுவது மனிதர்கள் வணங்கும் பொய்த் தெய்வங்களைப் பற்றி. அவற்றால் பிறருக்கும் உதவ இயலாது, தமக்கும் உதவிக்கொள்ள இயலாது என்பதே அங்கு சொல்லப்படும் கருத்து. ஹெர்குலிஸின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அறிவுரையை அல்லாஹ்வின் வாக்காக நாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, குர்ஆனோ அத்தகைய தெய்வங்களின் இயலாமையைச் சொல்லவே அச்சொற்களைக் கையாள்கிறது.

சொல்லமைப்பில் அப்பழமொழிக்கு மிக அருகில் நிற்பது ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம். முஹம்மத் அத்தியாயத்தின் 7ஆம் வசனமும் அவ்வாறே. அல்லாஹ்வுக்கு, அதாவது அவனது மார்க்கத்திற்கு, உதவுவோருக்கு அவன் உதவுகிறான் என்பதே இவற்றின் கருத்து. பழமொழியிலிருந்து வேறுபடுவது ஒரு பிரதிப்பெயர் மட்டுமே. 'தனக்கு' என்பதன் இடத்தில் 'அவனுக்கு' என்று இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில் முழுப் பொருளும் திரும்பிவிடுகிறது. ஹஜ் அத்தியாயத்தின் அவ்வசனம் பேசுவதும் யாரைப் பற்றி? அநியாயமாகத் தம் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றி.

"அப்படியானால் ரஃத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு சமூகம் தம்மிடமுள்ளதை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்ற அவ்வசனமே பெரும்பாலும் இப்பழமொழிக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. இமாம் தபரீ அவர்கள் இதற்குத் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. ஒரு சமூகம் அனுபவிக்கும் நலத்தையும் அருட்கொடையையும், அவர்கள் ஒருவருக்கொருவர் அநீதி இழைத்துத் தம்மை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் நீக்குவதில்லை என்கிறார் அவர். அன்ஃபால் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் 'அருட்கொடை' என்ற சொல்லையே வெளிப்படையாகக் கூறி இவ்விளக்கத்தை உறுதிப்படுத்துகிறது. ஆகவே, முற்கால விளக்கத்தின்படி, இது வசதி பெற்றோருக்கான எச்சரிக்கை. இச்சொற்களைச் சமூக முன்னேற்றத்திற்கான அழைப்பாகவும் பிற்காலச் சீர்திருத்தவாதிகள் எடுத்துரைத்தனர். சொல் பொதுவானது என்பதால் அதற்கும் இடமுண்டு. ஆனால் அதுவும் ஒரு சமூகத்தை நோக்கிய அழைப்பே. கையொடிந்த ஒரு தனிமனிதனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்கு அதில் இடமில்லை.

முயற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற நபிமொழியை அனஸ் (ரழி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். அவ்வறிவிப்பாளர் தொடரை யஹ்யா அல்கத்தான் ஏற்கவில்லை என்பதையும் அவரே அங்கு குறித்துள்ளார். எனினும் இதே கருத்து அம்ர் பின் உமைய்யா (ரழி) அவர்கள் வழியாகவும் வந்துள்ளது. உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நபிமொழியில், காலையில் வெறும் வயிற்றுடன் புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்பும் பறவைகள் தவக்குலுக்கு உவமையாகின்றன. பறவை கூட்டிலேயே இருந்துவிடவில்லை, புறப்படுகிறது. ஆனால் இரை கிடைத்தது தன் சிறகின் திறமையால் என்று அது உரிமை கொண்டாடுவதும் இல்லை. பழமொழி மனித முயற்சியை இறையுதவிக்கு விலையாக்குகிறது. தவக்குல் அம்முயற்சியையும் அவன் தந்த உதவியாகவே காண்கிறது.

பறக்க இயலாத பறவையின் நிலை என்ன? இவ்விடத்தில் இரு நபிமொழிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. உங்களிலுள்ள பலவீனர்களின் பொருட்டாலேயே உங்களுக்கு உதவியும் உணவும் அளிக்கப்படுகின்றன என்ற கருத்தில், தமக்குப் பிறரைவிடச் சிறப்புண்டு என்று எண்ணிய ஸஃது (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியது புகாரீயில் பதிவாகியுள்ளது. ஓர் அடியான் தன் சகோதரனுக்கு உதவிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் அல்லாஹ் அந்த அடியானுக்கு உதவிக்கொண்டிருக்கிறான் என்ற கருத்துடைய நபிமொழி, அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் உள்ளது. பழமொழி 'தனக்கு' என்று சொல்லும் இடத்தில் நபிமொழி 'தன் சகோதரனுக்கு' என்று சொல்கிறது. இறையுதவி நமக்கு வேண்டுமாயின், ஒதுக்கி வைத்த அந்த விண்ணப்பம்தான் அதற்கான வாசல்.

அடுத்த கூட்டத்தில் இந்த வசனங்களையும் நபிமொழிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றோம். அப்பெரியவர் அவற்றை நிதானமாகப் படித்தார். "சிறுவயதில் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்தது, குர்ஆன் என்றே நினைத்துவிட்டேன்" என்றார். பிறகு அவரே அந்த விண்ணப்பத்தை மேலே எடுத்து வைத்தார்.

அறியாததை அல்லாஹ்வின் மீது சொல்வதை அஃராஃப் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் தடை செய்யப்பட்டவற்றின் வரிசையில் வைக்கிறது. நல்ல வாசகம் என்பதாலேயே ஒன்று வேதவாக்கு ஆகிவிடாது. அவன் சொல்லாததை அவன் பெயரால் சொல்வதிலிருந்தும், அவன் சொன்னதைச் செய்யாமல் இருப்பதிலிருந்தும் வல்ல இறைவன் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.