பச்சைக் கசிவு நீக்கம்

பச்சைத் துணிக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்து, கீயிங் முறையில் துணியை அகற்றிய பிறகும், அவருடைய உருவத்தின் ஓரங்களில் பச்சைச் சாயல் தங்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு அந்த ஓரங்களுக்கு உரிய நிறத்தைத் திருப்பித் தருவதே பச்சைக் கசிவு நீக்கம். விஎஃப்எக்ஸ் கூடங்களில் இதை டிஸ்பில் என்கிறார்கள். துணி இருந்த இடத்தை ஒளிபுகும் இடமாக மாற்றுவது கீயிங்கின் வேலை. உருவத்தின் மேலேயே ஒட்டியிருக்கும் பச்சையை அது தொடாது. ஆகையால் டிஸ்பிலைத் தனி வேலையாகவே செய்ய வேண்டும். ஆல்ஃபாவை எப்போதும் கைபடாத மூலப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். பச்சையைக் குறைத்த படத்தில் கீ எடுத்தால், துணியையும் ஆளையும் பிரித்துக் காட்டும் வேறுபாடே போய்விடும்.

பச்சை எங்கிருந்து வருகிறது

ஓரத்தில் தெரியும் பச்சை எல்லாம் ஒரே வகை அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காதவர்தான் ஒரே கருவியை மேலும் மேலும் திருகிப் படத்தைக் கெடுக்கிறார்.

முதல் வகை, உண்மையாகவே உடம்பின் மேல் விழுந்த ஒளி. விளக்கு வெளிச்சத்தில் துணி பெரிய பச்சை விளக்காகவே வேலை செய்கிறது. கன்னத்தின் பக்கவாட்டு, காது, தோள் வளைவு போன்ற இடங்கள் கேமராவை விட்டுத் துணியின் பக்கம் திரும்பியிருக்கின்றன. அங்கே விழும் பச்சை ஒளி சாய்வான கோணத்தில் பட்டுத் தெறிக்கிறது. சாய்வு கூடக் கூடத் தெறிப்பும் கூடும். முகத்தின் நடுவில் இல்லாத பச்சை ஓரத்தில் மட்டும் பட்டையாகத் தெரிவது இதனால்தான். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதை இன்னும் பளிச்சிட வைக்கும்.

இரண்டாவது வகை, கலப்புப் புள்ளிகள். ஒரு மயிரிழை பெரும்பாலும் ஒரு பிக்சலின் முழு அகலத்தையும் நிரப்பாது. அந்தப் பிக்சலில் பாதி முடியும் பாதி துணியும் பதிவாகின்றன. அசைவில் மங்கிய விரல் நுனியும், ஃபோகஸ் விட்ட தோளும் இப்படியே. இங்கே முடியின் மேல் பச்சை விழவில்லை. முடிக்குப் பின்னால் இருக்கும் துணியே தெரிகிறது.

மூன்றாவது, பதிவு முறையால் வருவது. பல கேமராக்கள் இடத்தை மிச்சப்படுத்த 4:2:0 முறையில் பதிகின்றன. அதில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தில்தான் இருக்கும். அதனால் துணியின் பச்சை ஒன்றிரண்டு பிக்சல் தூரம் உடம்புக்குள் பரவிவிடுகிறது. ஆல்ஃபா அந்த இடத்தை முழு உடம்பு என்று சொல்லும். நிறமோ துணியைக் காட்டும்.

பச்சைக்கு வரம்பு வைத்தல்

முதல் வகைக் கசிவுக்கான வழி எளியது. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பையும் நீலத்தையும் பார்த்து, பச்சை இதற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைக்கிறோம். வரம்பைத் தாண்டிய பச்சை வெட்டப்படுகிறது. தாண்டாத பிக்சலில் எதுவும் மாறாது. இதன் வேர் பெட்ரோ விலாஹோஸ் உருவாக்கிய நிற வேறுபாட்டு முறையில் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில், நீலத் திரைக்காக, 1959இல் வந்த ‘பென்-ஹர்’ படத்தில் அது பயன்பட்டது. பின்னர் அவர் 1976இல் நிறுவிய அல்டிமேட் நிறுவனம் அதே எண்ணத்தை வீடியோவுக்குக் கொண்டுவந்தது.

வரம்பை எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மஞ்சள் பட்டுப் புடவை கட்டிய ஒரு தொகுப்பாளரை எடுத்துக்கொள்வோம். ஒளி அளவுகளை 0 முதல் 1 வரை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதலாம். துணி 0.10, 0.50, 0.15. அவருடைய கன்னத்தின் உண்மை நிறம் 0.50, 0.36, 0.28. துணியின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அதன்மேல் சேர்ந்ததால் கேமரா பார்ப்பது 0.52, 0.46, 0.31.

சிவப்பு, நீலம் இரண்டில் எது பெரியதோ அதுவே வரம்பு என்று வைத்தால் வரம்பு 0.52. பச்சை 0.46தான் என்பதால் எதுவுமே வெட்டப்படாது. கன்னம் பச்சையாகவே நிற்கும். இரண்டின் சராசரியை வரம்பாக வைத்தால் அது 0.415. பச்சை குறையும், ஆனால் 0.36க்கு வந்து சேராது. நீலத்தை மட்டும் வரம்பாக வைத்தால் 0.31, இப்போது அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம், கன்னம் இளஞ்சிவப்பாக மாறும். சிவப்பில் கால் பங்கும் நீலத்தில் முக்கால் பங்கும் சேர்த்தால் 0.3625. உண்மை நிறத்தை ஏறத்தாழத் தொட்டுவிட்டோம்.

இதே வரம்பைப் புடவைக்கு வைத்துப் பாருங்கள். மஞ்சள் பட்டு 0.70, 0.60, 0.10 என்று வைப்போம். மஞ்சள் என்பதே சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. நீலம் அதில் மிகக் குறைவு. கால்–முக்கால் வரம்பு இங்கே 0.25. பச்சை 0.60இலிருந்து 0.25க்கு இறங்கினால் புடவை செங்கல் நிறத்துக்குப் போய்விடும். பெரியதை வரம்பாக வைக்கும் விதி புடவையைத் தொடாது. ஆக, தோலைக் காப்பாற்றும் விதி புடவையைக் கெடுக்கிறது, புடவையைக் காப்பாற்றும் விதி தோலை விட்டுவிடுகிறது. முழுச் சட்டகத்துக்கும் ஒரே டிஸ்பில் போடுவது சரிவராது என்பது என் உறுதியான கருத்து. தோலுக்கும் முடிக்கும் ஒரு வரம்பு, புடவைக்கு வேறு வரம்பு என்று ரோட்டோ முகமூடியால் பிரித்துக்கொள்ள வேண்டும். புடவையில் பச்சைக் கரை இருந்தால், அந்தக் கரையை முகமூடிக்குள் வைத்து டிஸ்பிலிலிருந்து முழுதாக விலக்கிவிடுவதே நல்லது.

நியூக் மென்பொருளின் எக்ஸ்பிரஷன் நோடில் பச்சை சேனலுக்கு இந்தக் கால்–முக்கால் வரம்பை இப்படி எழுதலாம்:

```
min(g, 0.25*r + 0.75*b)
```

கட்டணமில்லாத எஃப்எஃப்எம்பெக் கருவியிலும் டிஸ்பில் வடிகட்டி இருக்கிறது. அதில் `mix` என்பது வரம்பில் சிவப்பின் பங்கு, மீதி நீலத்துக்கு.

```
ffmpeg -i in.mov -vf "colorkey=0x2E9E48:0.30:0.10,despill=type=green:mix=0.25" -c:v prores_ks -profile:v 4444 -pix_fmt yuva444p10le out.mov
```

நிற எண்ணை அவரவர் துணிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மேலே போட்ட கணக்கு நேரடி ஒளி அளவில் போட்டது. இந்த வடிகட்டி வீடியோவில் பதிந்த அளவுகளின் மேலேயே வேலை செய்கிறது. ஆகவே 0.25 என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

முடியோரத்தில் வெட்டாமல் கழித்தல்

முடிக்கு வருவோம். கருமுடியின் நிறம் 0.04, 0.03, 0.02. ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி துணி, அதாவது ஆல்ஃபா 0.5. கேமரா பதிந்தது 0.07, 0.265, 0.085. சராசரி வரம்பு வைத்தால் பச்சை 0.0775 ஆகிவிடும். பச்சை போய்விட்டது, ஆனால் அங்கே மிஞ்சுவது முடியின் நிறம் அல்ல. துணியின் சிவப்பும் நீலமும் இன்னும் உள்ளே இருப்பதால் கருமுடி சாம்பல் பூத்து, சற்றே நீலம் கலந்து தெரியும்.

இந்தப் பிக்சலில் துணியின் பங்கு எவ்வளவு என்று ஆல்ஃபா சொல்கிறது: சரிபாதி. எனவே துணி நிறத்தில் பாதியான 0.05, 0.25, 0.075ஐப் பிக்சலிலிருந்து கழித்தால் போதும். மிஞ்சுவது 0.02, 0.015, 0.01. அது முடியின் நிறத்தில் சரிபாதி. அதன்மேல் புதிய பின்னணியின் பாதியைக் கூட்டினால் ஓரம் சரியாக அமைகிறது. வரம்பு வைக்கும் வழியில் மெல்லிய இழைகள் தேய்ந்துபோகும் இடங்களிலும் கழிக்கும் வழி அவற்றைக் காப்பாற்றுகிறது.

கழித்த பிறகு இந்த நிறத்தை மறுபடி ஆல்ஃபாவால் பெருக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே பாதியாக இருப்பது கால் ஆகி, உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும்.

இந்த முறைக்குத் துணியின் நிறம் ஒவ்வோர் இடத்திலும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் துணி மங்கி 0.08, 0.40, 0.12 என்று இருக்கிறது, நாம் 0.50 என்ற பச்சையையே வைத்துக் கழிக்கிறோம் என்று கொள்வோம். பதிந்த பச்சை 0.215, அதிலிருந்து 0.25ஐ எடுத்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். புதிய பின்னணிக்கு மேல் அந்த ஓரம் மஜந்தாவாகத் தெரியும். ஓரத்தில் மஜந்தா கண்டால், அளவுக்கு மேல் பச்சையை எடுத்திருக்கிறோம் என்று பொருள். ஆள் வருவதற்கு முன், அதே விளக்குகளில் வெறும் துணியைச் சில வினாடிகள் படம் எடுத்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது. அதைக் கிளீன் பிளேட் என்பார்கள். அது இல்லாவிட்டால், உருவத்தைச் சுற்றியுள்ள துணி நிறத்தை உள்நோக்கிப் பரப்பி ஒரு செயற்கைப் பிளேட் உண்டாக்கிக்கொள்ளலாம்.

எடுத்த ஒளிக்கு ஈடு

பச்சையைக் குறைக்கும்போது வெளிச்சமும் குறைகிறது. எச்டி வீடியோவின் 709 தர அளவுப்படி பிரகாசத்தில் பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. நம் கன்னத்தில் பச்சை 0.46இலிருந்து 0.3625க்கு வந்தபோது பிரகாசம் சுமார் 15 சதவீதம் இறங்கியது. உண்மைக் கன்னத்தோடு ஒப்பிட்டால் இது சரிதான். கூடுதல் வெளிச்சம் துணி தந்தது. ஆனால் புதிய பின்னணியில் ஜன்னலோ மாலை வெயிலோ இருந்தால், அங்கே உண்மையாக நின்றிருக்கும் ஒருவரின் கன்னத்தில் அந்த ஒளி விழுந்திருக்கும். எனவே வெட்டியெடுத்த பச்சையின் அளவை எறிந்துவிடாமல் ஒரு கறுப்பு–வெள்ளைப் படமாக வைத்துக்கொள்வார்கள். அதைப் புதிய பின்னணியின் நன்கு மங்கலாக்கிய நகலோடு பெருக்கி, ஓரத்தின் மேல் கூட்டுவார்கள். துணியின் ஒளி எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம் புதிய இடத்தின் ஒளி விழும். ஆளும் பின்னணியும் ஒரே இடத்தில் இருப்பதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இந்த ஒரு படிக்கு உண்டு.

சரிபார்த்தல்

கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் கறுப்போரம் ஒளிந்துகொள்ளும். நடுச் சாம்பலின் மேலும், கடைசியாக வரப்போகும் பின்னணியின் மேலும் பார்க்க வேண்டும். ஒற்றைச் சட்டகத்தோடு நிறுத்தாமல் ஓடவிட்டும் பார்க்க வேண்டும். பச்சை வரம்பை ஒட்டி நிற்கும் இடங்களில் நாய்ஸின் மேல்பாதி மட்டும் வெட்டப்படுவதால், தோலின் அந்தப் பகுதி சுற்றுப்புறத்தைவிட வேறு விதமாகத் துடிக்கும். வரம்பைக் கணக்கிட நாய்ஸ் குறைத்த நகலைப் பயன்படுத்தினால் இது அடங்கும்.

படப்பிடிப்பிலேயே ஆளைத் துணியிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, துணிக்கும் ஆளுக்கும் விளக்குகளைத் தனித்தனியாக வைத்தால் முதல் வகைக் கசிவு பெருமளவு குறையும். துணியில் சட்டகத்துக்கு வெளியே இருக்கும் பகுதியும் ஆள்மேல் பச்சையை வீசிக்கொண்டே இருக்கும். அதைக் கறுப்புத் துணியால் மூடிவிடலாம். 4:2:0க்குப் பதில் 10 பிட் 4:2:2 பதிவு கிடைத்தால் மூன்றாவது வகையும் குறையும்.

மூக்குக் கண்ணாடி, எவர்சில்வர் தம்ளர், பளபளக்கும் மூக்குத்தி போன்றவற்றில் துணி அப்படியே பிரதிபலித்திருந்தால், வரம்பு வைப்பது பச்சையைச் சாம்பலாக்குமே தவிர, பிரதிபலிப்பு அங்கேயே இருக்கும். அந்த இடங்களை ரோட்டோ செய்து, புதிய பின்னணிக்கு ஏற்ற பிரதிபலிப்பைச் சட்டகம் சட்டகமாகக் கையால் வைத்துத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.