தங்கச் சரிகைச் சட்டையும் கொழுந்து பறித்த கையும்

கண்டித் தலைவர்களின் சரிகை வேலைப்பாட்டுச் சட்டைகளை நூதனசாலைகளில் பார்த்திருப்போம். நூறு வருடத்துக்கு முன் நுவரெலியா, கொத்மலைப் பக்கத்து ரட்டே மகாத்மயாக்களும் அரச வைபவங்களுக்கு இப்படித்தான் உடுத்துப் போனார்கள். அதன் அருகே வைக்கும் சிறு அட்டையில் அணிந்தவரின் பெயரும் பதவியும் இருக்கும். தைத்தவர் அநேகமாக இருக்கமாட்டார். கண்டி அரசில் அரச உடை தைத்தவர்களுக்கு 'ஹன்னாலி' என்று பெயரே இருந்தது. ஆனால் தனி ஆளின் பெயர் சட்டையில் தைக்கப்படவில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் கைவேலையை வாசிக்கலாம். சரிகை என்பது பட்டு அல்லது பருத்தி நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. அதை வெல்வெட்டுக்குள் ஊசியால் இழுத்தால் தகடு உரிந்துவிடும். ஆகவே சரிகையைத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய வேறொரு நூலால் இடையிடையே கட்டித் தைப்பார்கள். சட்டையின் உட்புறம் தெரிந்தால் அங்கே தங்கம் இருக்காது. கட்டுத் தையல்கள் மட்டுமே இருக்கும். அவற்றின் இடைவெளி எவ்வளவு சீராக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தேர்ந்த கை.

அட்டையில் துணியின் நிலையும் வரவேண்டும். சரிகை கறுத்திருந்தால் உள்ளே வெள்ளி. பச்சை பூத்திருந்தால் செம்பு. தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, மேலே இருக்கும் மெல்லிய தங்கப்பூச்சே போய்விடும். கட்டுநூல் அறுந்த இடத்தில் சரிகை தொங்கும். ஹேங்கரில் மாட்டினால் சரிகையின் பாரம் தோள் தையலைக் கிழிக்கும். வெளிச்சத்தில் வெளுத்த சாயம் திரும்பி வராது. அதனால்தான் அந்த அறைகளில் 50 லக்ஸ் அளவுக்கு மட்டும் மங்கலாக விளக்குப் போடுகிறார்கள். நம் மலைநாட்டில் இன்னொரு எதிரி ஈரம். மூடிய அலுமாரியில் பூஞ்சணம் பிடித்தால் முதலில் வருவது மணம், பிறகுதான் புள்ளி.

இனிச் சமூகப் பின்னணி. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிப்படி உயர்மலைத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதே மலையில், அதே காலத்தில் சரிகைச் சட்டையும் இருந்தது. அது வருடத்தில் சில நாட்களே அணியப்பட்டு, மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. கொழுந்து பறித்த பெண்ணின் சட்டையோ மழையிலும் வெயிலிலும் தினமும் உழைத்தது. கிழிந்தால் ஒட்டுப் போட்டார்கள், அதற்கும் உதவாதபோது கரித்துணியானது. அதனால் நூதனசாலைக்கு வர அதில் எதுவும் மிஞ்சவில்லை.

கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் 2007இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது. மாணவர்களை எந்த நூதனசாலைக்கு அழைத்துப் போனாலும் அட்டையில் மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வோம்: யார் அணிந்தார், யார் தைத்தார், அதே வருடத்தில் மற்றவர்கள் எதை உடுத்தினார்கள்.