துண்டுச் சீட்டிலிருந்து பணிக்கொடை வரை

2018-ம் வருஷம். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். தேனிப் பக்கத்து மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து முடித்து, ஊரோடு வந்துவிட்ட எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, தகரப் பெட்டியோடு இறங்கினார். 1980-ல், இருபது வயதில் மலையேறியவர். 58 வயதில் ஓய்வு. கையில் ஒரு கவர். நான் பி.காம். படித்தவன் என்று தெருவுக்கே தெரியும் என்பதால், கவர் நேராக என்னிடம் வந்தது.

''கணக்கு சரியாயிருக்கானு பாரு தம்பி. 38 வருஷம் ஒழைச்சதுக்கு இம்புட்டுத்தானா?''

உள்ளே இருந்த தாளில் 'கிராஜுவிட்டி - தகுதியான சேவை 27 ஆண்டுகள் - ரூ.1,21,500' என்று இருந்தது. 38 எப்படி 27 ஆனது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன எனக்கு, ஒரு நூற்றாண்டுக் கதையே கிடைத்தது.

அத்தையின் பாட்டனார் காலத்தில், மலையிலிருந்து இறங்குகிறவன் கையில் பணம் இருக்காது. கடன்தான் இருக்கும். மதுரை, ராமநாதபுரம், திருச்சி சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப் போனவர்கள் கங்காணிகள். வழிச் செலவு, அரிசி, கம்பளி என்று ஊரிலேயே முன்பணம் கொடுப்பார்கள். அது அந்தக் குடும்பத்தின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். 'இந்த ஆட்களின் கடன் இவ்வளவு. இதைக் கட்டினால் விடுவிக்கிறேன்' என்பது அதன் சாரம். அதற்குப் பெயர் 'துண்டு'. புதிய துரை கடனைக் கட்டுவார், ஆட்கள் கைமாறுவார்கள், கடன் அப்படியே கூட வரும். வருஷக்கணக்கில் உழைத்தவனின் 'செட்டில்மென்ட்' அந்தக் காலத்தில் இதுதான். இலங்கையில் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921-ல்.

அதற்குப் பிறகும், உழைத்து ஓய்ந்தவருக்குக் கம்பெனி ஏதாவது கொடுத்தால் அது துரையின் தயவு. கிராஜுவிட்டி என்ற வார்த்தையின் வேரே 'அன்பளிப்பு'தான். தமிழிலும் பணிக்'கொடை' என்றே வைத்துக்கொண்டோம்!

கொடை உரிமையாக மாறியது சுதந்திரத்துக்குப் பிறகு, மெள்ள மெள்ளத்தான். பிராவிடன்ட் ஃபண்ட் சட்டம் 1952-ல் வந்தபோது அதில் ஆறே ஆறு தொழில்கள். தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்கள் உள்ளே வர 1957 ஆனது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். திரும்புகிறவர்கள் தங்கள் சொத்துகளை, பிராவிடன்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி உட்பட, எடுத்துப் போகலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து உண்டு. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைத்தாலும், அதை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில், கொழுந்து பறிப்பவரின் பி.எஃப். இடம்பெற்றது!

இந்தியாவில் கிராஜுவிட்டிக்கு முதலில் தனிச் சட்டம் போட்டது கேரளம், 1970-ல். அடுத்த ஆண்டு மேற்கு வங்கம். இரண்டுமே தேயிலை விளையும் மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள். 1972-ல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் பணிக்கொடைச் சட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம், ரயில்வே வரிசையில் 'தோட்டம்' என்று பெயர் சொல்லியே சேர்த்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. எந்தக் கூலி? கடைசியாக வாங்கிய கூலி. 1980-ல் என்ன வாங்கினார் என்பது பிரச்னையே இல்லை. குறைந்தது ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். மரணம், ஊனம் என்றால் அந்த நிபந்தனையும் கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 30-ஆல் வகுப்பதா, ஞாயிறுகளைக் கழித்து 26-ஆல் வகுப்பதா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. 26-தான் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். அத்தைக்கு இந்தத் தலைவலி இல்லை. நாள் கூலி 300 ரூபாய். 15 நாளுக்கு 4,500. அதாவது, எஸ்டேட்டில் கழிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் விலை 4,500 ரூபாய். 27 வருஷத்துக்கு 1,21,500. பெருக்கல் சரிதான். தவறு வருஷத்தில்!

''மொத பதினோரு வருஷம் நீ டெம்பரவரி, அது சேராதுனு ஆபீஸ்ல சொல்லிட்டாக தம்பி'' என்றார் அத்தை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1972 சட்டம் 'நிரந்தரத் தொழிலாளி'க்கு மட்டும் என்று சொல்லவில்லை. வேலை தொடர்ச்சியாக இருந்ததா என்றுதான் கேட்டது. இடையில் வேலை இல்லாத நாட்கள் இருந்தாலும், வருஷத்தில் 240 நாள் தேறினால் அது முழு வருஷம். சம்பளத்தோடு கூடிய விடுப்பும், சட்டம் அனுமதித்த அளவு பிரசவ விடுப்பும் அந்த 240-க்குள் சேரும். அத்தைக்கு இரண்டு பிள்ளைகளும் எஸ்டேட் லயத்தில்தான் பிறந்தார்கள். அந்த நாட்களும் கணக்கில் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

ஆனால், 240 நாளை எப்படி நிரூபிப்பது? தினமும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஏற்றும் செக்ரோல், எஸ்டேட் ஆபீஸில் இருக்கிறது. தொழிலாளி கையில் என்ன இருக்கும்?

தகரப் பெட்டியைக் கவிழ்த்தோம். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, முருகன் படம்... அடியில் மடித்து மஞ்சளாகிப்போன சில தாள்கள். பி.எஃப். அலுவலகம் வருஷா வருஷம் தந்த கணக்குச் சிலிப்புகள்! முதல் சிலிப் 1983-ம் வருஷத்தது.

இந்த இடத்தில் என் பி.காம். கொஞ்சம் கைகொடுத்தது. அன்றைக்கு நாள் கூலி 10 ரூபாய், பி.எஃப். பிடித்தம் 6¼ சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பிடிப்பது அறுபத்திரண்டரைக் காசு. 240 நாள் வேலை செய்திருந்தால் வருஷப் பிடித்தம் 150 ரூபாய். ஆக, சிலிப்பில் தொழிலாளியின் பங்கு 150-ஐத் தாண்டியிருந்தால் அந்த வருஷம் தேறிவிட்டது! அத்தையின் சிலிப்பில் 156 ரூபாய் சொச்சம் இருந்தது. கிட்டத்தட்ட 250 நாள். பி.எஃப். சிலிப் சேமிப்புக் கணக்கு மட்டுமல்ல, வருகைப் பதிவேட்டின் நகலும்கூட என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எஸ்டேட்டுக்கு எழுத்து மூலமாகக் கேட்டோம். பதில் இல்லை. தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு போட்டோம். சிலிப்புகளைக் காட்டியதும், அந்த வருஷங்களின் செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லி எஸ்டேட்டுக்கு உத்தரவு போனது. அவர்கள் கொண்டுவரவில்லை. ஒன்றரை வருஷ இழுபறிக்குப் பிறகு, 1983 முதல் 35 வருஷம் என்று தீர்ப்பானது. விட்டுப்போன எட்டு வருஷத்துக்கு 36,000 ரூபாய். பணிக்கொடையை 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டி தர வேண்டும். அப்போதைய விகிதம் 10 சதவிகிதம், தனிவட்டி. அதில் 5,400. ஆக 41,400 ரூபாய்.

1980 முதல் 1983 வரை மூன்று வருஷத்துக்குச் சிலிப் இல்லை, சாட்சி சொல்லக் கூட வேலை பார்த்தவர்களும் இல்லை. 13,500 ரூபாய் போனது போனதுதான்.

அத்தையின் பிரச்னை வருஷக் கணக்கு. மாஞ்சோலையில் அதைவிடச் சிக்கலான முடிச்சு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி வாங்கிய மலை அது. மூன்று, நான்கு தலைமுறையாக ஒரே முதலாளி. 1999 ஜூலை 23-ல் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போனது இந்தத் தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தில்தான். குத்தகை 2028-ல்தான் முடிகிறது என்றாலும், 2024 ஜூனிலேயே விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். தொகையில் ஒரு பகுதி முன்னால், மீதி வீட்டைக் காலி செய்த பிறகு. கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தொழிலாளர் தரப்பு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. காலி செய்ய இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால், அந்த டிசம்பர் 3-ல் மனுக்கள் தள்ளுபடியாயின. மலை காட்டுக்கே திரும்ப வேண்டும், இறங்குகிறவர்களுக்கு மறுவாழ்வு உதவி தர வேண்டும் என்று கோர்ட் முடித்தது.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அதனால்தான் கடைசிக் கையெழுத்தின்போது தொழிலாளியின் கை நடுங்குகிறது. விருப்ப ஓய்வு என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதில் கிராஜுவிட்டி எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, நீங்கள் கூடுதலாகத் தருவது எவ்வளவு? முதல் இரண்டும் ஏற்கெனவே அவருடையவை. மூன்றாவதுதான் வேலையை விட்டுக்கொடுப்பதற்கான விலை. மூன்றையும் ஒரே தொகையாகச் சொன்னால், தன் பணத்தையே தனக்குச் சலுகையாகக் காட்டுகிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2025 நவம்பர் 21 முதல், 1972 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வருஷத்துக்கு 15 நாள் கூலி என்ற கணக்கு அதிலும் அப்படியேதான் இருக்கிறது. வருஷத்தை நிரூபிக்க வேண்டிய கஷ்டமும் அப்படியே.

41,400 ரூபாயில் அத்தை ஒரு கறவை மாடு வாங்கினார். மிச்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டார். பாஸ் புத்தகத்தை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? அதே தகரப் பெட்டியில், அந்த மஞ்சள் சிலிப்புகளுக்கு மேலே.

''இனி எதையும் தூக்கிப் போட மாட்டேன் தம்பி. ஒரு துண்டுச் சீட்டுதான் என் எட்டு வருஷத்தைத் திருப்பித் தந்துச்சு'' என்றார்.

துண்டு! அவருடைய பாட்டன் காலத்தில் அந்த வார்த்தைக்கு இருந்த அர்த்தம் அத்தைக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.