வங்குரோத்தானவரின் சொத்தை நீதிபதி எப்படிப் பங்கிடுவார்?

நுண்கடன் பற்றி எழுதுவதற்காக வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெண்களைச் சந்தித்தபோது, ஒரே கேள்வியை வேறு வேறு வடிவில் கேட்டிருக்கிறேன். ஐந்து இடத்தில் கடன், கையில் இருப்பதோ கொஞ்சம். யாருக்கு முதலில் கொடுப்பது? நடைமுறையில், வாசலில் வந்து அதிக நேரம் நிற்பவருக்கே முதலில் கிடைக்கிறது. இதே சிக்கலுக்கு இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவான விதிகளை வகுத்திருந்தார்கள். அந்த அத்தியாயத்துக்கு 'தஃப்லீஸ்' என்று பெயர். ஒருவரை வங்குரோத்தானவர் என்று நீதிபதி அறிவிப்பதே அதன் பொருள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் விதிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இங்குள்ள காதி நீதிமன்றங்கள் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு போன்ற விடயங்களையே விசாரிப்பதால், இந்த விதிகள் நம் நாட்டில் நடைமுறையில் இல்லை.

தவணை வந்துவிட்ட கடன்கள் ஒருவரின் சொத்தை விட அதிகமாக இருந்து, கடன் கொடுத்தவர்கள் முறையிட்டால், நீதிபதி அவருடைய சொத்தின் மீது தடை விதிப்பார். இதற்கு 'ஹஜ்ர்' என்று பெயர். அதன்பின் கடனாளி தன் பொருளை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ முடியாது. தனக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடனை அடைத்துவிட்டு மற்றவர்களைக் கைவிடுவதையும் இது தடுக்கிறது. தவணை வராத கடன்கள் இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது விற்பனை. கடனாளியும் கடன் கொடுத்தவர்களும் முன்னிலையில் இருக்க, ஒவ்வொரு பொருளும் அதற்குரிய சந்தையில் விற்கப்பட வேண்டும். பழுதாகக்கூடியவை முதலில், பிறகு கால்நடைகள், பிறகு தளபாடம் போன்றவை, கடைசியாகக் காணியும் வீடும். பங்கீடு முடியும் வரை கடனாளியும் அவரில் தங்கியிருப்பவர்களும் அந்தச் சொத்திலிருந்தே சாப்பிடுவார்கள். பங்கிடும்போது அவர்களுக்கு உடுப்பும் அன்றைய நாளுக்கான உணவும் விடப்படும். குடியிருக்கும் வீட்டை விற்கலாம் என்பது ஷாஃபி சட்டம். தேவையான வீட்டை விற்கக்கூடாது என்பது ஹன்பலி சட்டம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வியாபாரிக்கு 400 தீனார் கடன். அதில் 100 தீனார், துணி விற்றவருக்குக் கொடுக்க வேண்டியது. அந்தத் துணி மாற்றமில்லாமல் இன்னும் கடையிலேயே இருக்கிறது. அப்படியானால் அவர் வியாபாரத்தை ரத்துச் செய்து தன் துணியைத் திருப்பி எடுக்கலாம். ஹதீஸை ஆதாரமாகக் கொண்ட விதி இது. துணி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தால் இந்த உரிமை இல்லை, அவரும் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மீதி மூவருக்கு 150, 100, 50 என்று மொத்தம் 300 தீனார் கடன். மற்றச் சொத்துகளை விற்றதில் 120 தீனார் கிடைத்தது. 300இல் 120 என்பது நூற்றுக்கு 40. எனவே அவர்களுக்கு 60, 40, 20 தீனார் கிடைக்கும். யார் முதலில் கடன் கொடுத்தார், யார் சத்தம் போட்டார் என்பது கணக்கில் இல்லை.

பங்கிட்ட பிறகு, தடைக்கு முன்பே 100 தீனார் கொடுத்திருந்த நாலாவது ஆள் வந்தால்? இப்போது மொத்தக் கடன் 400, விகிதம் நூற்றுக்கு 30. முதல் மூவரும் முறையே 15, 10, 5 தீனாரைத் திருப்பிக் கொடுக்க, புதியவருக்கு 30 சேரும். பங்கீடு முழுவதையும் மீண்டும் தொடங்கத் தேவையில்லை.

அடகு வைத்துக் கடன் பெற்றிருந்தால், அந்த அடகுப் பொருளின் விலையில் அடகு பிடித்தவருக்கே முதல் உரிமை. இன்னொரு பக்கம், அபூ ஹனீஃபா இந்த முறையையே ஏற்கவில்லை. புத்தி சுவாதீனமுள்ள ஒருவரின் சொத்தை அவர் சம்மதமின்றி விற்பது தவறு என்றார். அவரே விற்று அடைக்கும் வரை சிறையில் வைக்கலாம் என்பது அவருடைய வழி. அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் இதில் அவரோடு உடன்படவில்லை.

பங்கீட்டால் மீதிக் கடன் அழிவதில்லை. ஆனால் வட்டி விலக்கப்பட்டிருப்பதால் அது வளர்வதுமில்லை. இயலாமை நிரூபணமான பிறகு கடனாளியைச் சிறையில் வைக்கவோ, துரத்தித் திரியவோ முடியாது. வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 280ஆம் வசனம் சொல்கிறது. நான் சந்தித்த பெண்களின் கணக்குப் புத்தகங்களில் இல்லாதவை இவை இரண்டும்தான்: வளராத மீதியும், யாரும் வந்து நிற்காத வாசலும்.